சாயம் இறங்கும் நூல்: மாற்றும் வேண்டும், அடுத்த லோடும் வேண்டும் என்றால் கடிதத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: மருதமுனையில் எட்டுத் தறி வைத்துச் சாரம் நெய்கிறோம். கொழும்பிலிருந்து வந்த மெரூன் நூலில் சாயம் இறங்குகிறது, வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டும். ஆனால் எங்களுக்குக் கடனுக்கு நூல் தருகிறவர் அவர் ஒருவர்தான். கோபித்துக்கொண்டு அடுத்த லோடை நிறுத்திவிட்டால் தறி நின்றுவிடும். எப்படி எழுதுவது?

பதில்:

கடிதத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மீதமுள்ள மெரூன் பொதிகளை இன்றைக்கே மற்ற நூலிலிருந்து பிரித்து, தனியாக அடுக்கி, மேலே ஒரு தாள் ஒட்டி, படம் எடுத்து வையுங்கள். இனி நெய்வதற்கு அதிலிருந்து ஒரு கழி கூட எடுக்க வேண்டாம். பாவு ஓட்டி முடித்தது இருந்தால் தறியில் ஏற்ற வேண்டாம்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. நம் நாட்டில் இந்த வகைக் கொடுக்கல் வாங்கலுக்கு இன்றும் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. வாங்கியவர் பொருளைப் பரிசோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை அதை ஏற்றுக்கொண்டதாக எடுக்க முடியாது என்று அது சொல்கிறது. ஆனால் குறை தெரிந்த பிறகும் பொருளைத் தன் சொத்துப் போலப் பாவித்தாலோ, மறுக்கிறேன் என்று சொல்லாமல் நாளைக் கடத்தினாலோ, ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதற்குப் பிறகு விலைக் குறைப்புக் கேட்கலாம், நட்டம் கேட்கலாம். திருப்பி எடுங்கள் என்று சொல்லும் பலம் போய்விடும். நீங்கள் ஏற்கெனவே கொஞ்சம் நெய்துவிட்டீர்கள், அது அவர் பக்கத்துக்கு ஒரு வாதம். கழுவிப் பார்த்தால்தான் தெரியக்கூடிய குறை, தெரிந்த அன்றே நிறுத்திவிட்டோம் என்பது உங்கள் பக்கத்து வாதம். அந்த வாதம் நிற்க வேண்டுமானால் உண்மையிலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். மறுக்கவும் காசு கொடுக்காமல் இருக்கவும் அந்தச் சட்டம் வழி தருகிறது. “மாற்று நூல் தா” என்று கட்டாயப்படுத்தும் உரிமையை அது நேரடியாகத் தரவில்லை. மாற்று என்பது அவர் சம்மதித்துத் தர வேண்டிய ஒன்று. அதனால் உங்கள் கடிதம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் நிற்கும் ஆவணமாக இருக்க வேண்டும். அதோடு, அவர் வாசித்ததும் “சரி, அனுப்பிவிடுவோம்” என்று முடிவெடுக்க இலகுவாகவும் இருக்க வேண்டும். நான் பார்த்த பெரும்பாலான முறைப்பாட்டுக் கடிதங்கள் முதல் வேலையை மட்டும் செய்கின்றன, அதுவும் கோபத்தோடு.

என்ன குறை என்று நீங்களே கண்டுபிடியுங்கள்

“நூல் சரியில்லை” என்று எழுதினால், “எல்லாருக்கும் இதே நூலைத்தான் கொடுத்தேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை” என்று பதில் வரும். அடுத்தது “உங்கள் ஊர்த் தண்ணீர் உவர், அதுதான் சாயத்தை இழுக்கிறது” என்று வரும். கடற்கரையோரத்துக் கிணறு என்பதால் இந்தப் பதில் கேட்பவருக்குப் பொருத்தமாகவும் தோன்றும். இரண்டையும் கடிதத்துக்கு முன்பே அடைத்துவிடலாம். அதற்கு வேண்டியது அரை நாள்.

மூன்று வெவ்வேறு பொதிகளிலிருந்து சிறு கழி ஒன்று வீதம் எடுங்கள், ஐந்து கிராம் போதும். அதே ஆளிடம் முன்பு வாங்கி, சாயம் இறங்காமல் ஓடிய பழைய மெரூனிலும் ஒரு கழி எடுங்கள். இந்தப் பழைய கழிதான் உங்களுடைய மிகப் பெரிய சாட்சி. ஒவ்வொரு கழியோடும் உள்ளங்கை அளவு வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றைச் சேர்த்துக் கட்டுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாத்திரத்தில், கை பொறுக்கும் சூட்டில், ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி சவர்க்காரத் தூள் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள், இடையிடையே கிளறிவிடுங்கள். பிறகு பிழிந்து, துணியைப் பிரிக்காமல் நிழலில் உலர்த்துங்கள். இதையே இரண்டு தடவை செய்யுங்கள்: ஒரு தடவை உங்கள் கிணற்றுத் தண்ணீரில், மறு தடவை கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரில்.

புதிய கழிகளோடு கட்டிய துணி இரண்டு தண்ணீரிலும் சிவந்து, பழைய கழியோடு கட்டியது இரண்டிலும் வெள்ளையாகவே இருந்தால், தண்ணீர்க் கதை அங்கேயே முடிந்தது. ஆய்வுகூடங்கள் செய்வதும் ஏறத்தாழ இதுதான். 40 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம் கழுவி, பக்கத்துத் துணியில் ஒட்டிய சாயத்தைச் சாம்பல் அளவுகோலோடு ஒப்பிட்டு 5 முதல் 1 வரை புள்ளி கொடுப்பார்கள். 5 என்றால் கறையே இல்லை, 1 என்றால் மிக மோசம். வெள்ளையோடு சேர்த்து நெய்யும் துணிக்கு 4க்குக் குறைந்தால் தொல்லைதான். இரத்மலானையில் இருக்கும் இலங்கைப் புடவை, ஆடை நிறுவகத்தில் இந்தச் சோதனையைச் செய்து கொள்ளலாம். ஆனால் அந்த அறிக்கை வரும்வரை கடிதத்தைத் தாமதிக்க வேண்டாம். “மாதிரியை முத்திரையிட்டு வைத்திருக்கிறோம், தேவையென்றால் அனுப்பலாம்” என்று எழுதினால் முதல் கடிதத்துக்குப் போதும்.

அப்புறம் இன்னும் ஒரு படி. சாயம் இறங்கிய அதே கழியைக் கொதிநிலைக்குக் கிட்டிய சவர்க்காரத் தண்ணீரில் மூன்று நான்கு தடவை அலசுங்கள். ஒவ்வொரு தடவையும் நிறம் குறைந்து குறைந்து, கடைசியில் தண்ணீர் தெளிந்துவிட்டால் சாயம் சரியானதுதான், சாயப்பட்டறையில் கடைசிச் சவர்க்கார அலசலைச் சுருக்கிவிட்டார்கள், நூலில் பிடிக்காத உபரிச் சாயம்தான் வருகிறது என்று அர்த்தம். நான்காவது தடவையிலும் தண்ணீர் முதல் தடவை போலவே சிவந்தால் சாயமே மலிவு ரகம், நூலோடு இறுகப் பிணைகிற வகை இல்லை. அதை எத்தனை தடவை கழுவினாலும் தீராது. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், “நீங்களே ஒரு தடவை கழுவிப் போட்டு நெய்யுங்களேன், கூலியைத் தருகிறேன்” என்று அவர் நிச்சயம் கேட்பார். முதல் வகையென்றால் அதை யோசிக்கலாம். ஆனால் கழுவிய நூலில் சிக்கு விழும், உலர்த்தி மறுபடி சுற்ற வேண்டும், நிறமும் ஒரு படி இறங்கும். இரண்டாவது வகையென்றால் யோசிக்கவே கூடாது.

கணக்கை மூன்றாகப் பிரிக்க வேண்டும்

முறைப்பாடும் உறவும் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இது. சரியாக வந்த நூல், பழுதான நூல், இனி வர வேண்டிய நூல் மூன்றையும் கடிதத்தில் மூன்று கணக்காக வையுங்கள். பழுதானதற்கான கோபம் மற்ற இரண்டிலும் படக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். 300 கிலோ வந்தது. அதில் மெரூன் 120 கிலோ, கிலோ 2,400 ரூபாய்ப்படி 288,000. வெள்ளை 100 கிலோ, 1,900 ரூபாய்ப்படி 190,000. கறுப்பு 80 கிலோ, 2,300 ரூபாய்ப்படி 184,000. மொத்தம் 662,000 ரூபாய்க்கு 45 நாள் தள்ளி ஒரே செக் கொடுத்திருக்கிறீர்கள். மெரூனில் 6 கிலோ நெய்து 40 சாரமாகிவிட்டது. 8 கிலோ பாவு ஓட்டியாயிற்று. 106 கிலோ பொதி பிரிக்காமல் இருக்கிறது.

இந்த நிலையில் பலர் செய்வது வங்கிக்குப் போய்ச் செக்கை நிறுத்துவது. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். அந்தச் செக்கை அவர் தன் வங்கியில் காட்டியோ வேறு வியாபாரிக்குக் கைமாற்றியோ இருப்பார். அது திரும்பினால் அவருக்கு வருகிற அவமானம் நூல் பிரச்சினையை விடப் பெரிதாகிவிடும், அடுத்த லோடு வராது. அதற்குப் பதிலாகச் செக்கை மாற்றிக்கொள்ளக் கேளுங்கள். வெள்ளைக்கும் கறுப்புக்கும் 374,000 ரூபாய்க்கு அதே திகதியில் ஒரு செக். 106 கிலோ மெரூனுக்கு 254,400 ரூபாய்க்கு, மாற்று நூல் வந்து சேர்ந்த நாளிலிருந்து 45 நாள் தள்ளி இன்னொரு செக். மீதி 33,600 ரூபாய் நெய்ததும் பாவு ஓட்டியதுமான 14 கிலோவின் விலை, அதற்கு அவரிடம் வரவுச்சீட்டுக் கேட்க வேண்டும். இப்படி எழுதினால், காசை இழுத்தடிக்க இந்த ஆள் ஒரு சாட்டுத் தேடுகிறான் என்ற சந்தேகம் அவருக்கு வராது. கடனுக்குக் கொடுக்கும் வியாபாரிக்கு முதலில் வருகிற பயம் அதுதான்.

கெடுவையும் கணக்கிலிருந்தே எடுங்கள். மெரூன் போகும் தறி நான்கு, தறிக்கு நாளொன்றுக்கு மூன்று சாரம், சாரத்துக்கு 150 கிராம் மெரூன் என்றால் ஒரு நாளைக்கு 1.8 கிலோ வேண்டும். கையில் பழைய மெரூன் 11 கிலோ இருந்தால் ஆறு நாள் ஓடும். “உடனடியாக” என்று எழுதுவதில் பயனில்லை. “ஆறு வேலை நாளுக்குத்தான் நூல் இருக்கிறது, 30 கிலோ முதலில் வந்தால் இன்னும் பதினாறு நாள் ஓட்டுவோம், மீதிக்கு உங்களுக்கும் அவகாசம் கிடைக்கும்” என்று எழுதினால் அவரால் மறுக்க முடியாது. 106 கிலோவையும் ஒரே நாளில் கேட்டால் அவரிடம் இல்லை என்பார். 30 கிலோவைக் கடை இருப்பிலிருந்தே தந்துவிடுவார்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் 30 கிலோவும் பிறகு வரும் 76 கிலோவும் வேறு வேறு சாய லொட்டாக இருக்கும். இரண்டு லொட் மெரூன் ஒரே பாவில் கலந்தால் துணியில் பட்டை விழும், கண்ணுக்கு உடனே தெரியும். அதனால் இரண்டிலும் லொட் இலக்கம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், 76 கிலோவும் ஒரே லொட்டாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். முதல் 30 கிலோவை ஒரு ஓடருக்கென்று தனியாக ஒதுக்கி நெய்யுங்கள்.

கடிதம்

புறக்கோட்டை வியாபாரிக்குத் தமிழில் எழுதினால் போதும். கம்பனியாக இருந்து கணக்குப் பிரிவு ஆங்கிலத்தில் கேட்டால் மொழிபெயர்ப்பை இணைக்கலாம். முதலில் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். “ஹாஜியார், மெரூனில் ஒரு பிரச்சினை, கடிதத்தில் விவரமாக அனுப்புகிறேன், உங்களுக்கும் மில்லோடு கதைக்க உதவும்” என்றால் போதும். முன்பின் சொல்லாமல் பதிவுத் தபால் போனால், அதைப் பிரிப்பதற்கு முன்பே மனம் கசந்துவிடும். கதைத்த அன்றே இந்த மாதிரி ஒரு கடிதம் போகட்டும்:

> திகதி: ..........
>
> மதிப்பிற்குரிய ஹாஜியார் அவர்களுக்கு,
>
> அஸ்ஸலாமு அலைக்கும்.
>
> விடயம்: இன்வொய்ஸ் இல. ...... – மெரூன் நூல், லொட் இல. 417 – 120 கிலோ – சாயம் இறங்குதல் – மாற்று நூல் கோருதல்
>
> மேற்படி இன்வொய்ஸில் ...... திகதி எமக்கு 300 கிலோ சாய நூல் கிடைத்தது. வெள்ளை 100 கிலோவும் கறுப்பு 80 கிலோவும் நல்ல நிலையில் உள்ளன. அவற்றைப் பற்றி எமக்கு எந்த முறைப்பாடும் இல்லை.
>
> மெரூன் நூலில் நெய்த முதல் சாரங்களை ...... திகதி கழுவியபோது வெள்ளைக் கட்டங்களில் சாயம் ஏறியது. அன்றே அந்த லொட்டைப் பாவிப்பதை நிறுத்தினோம். மூன்று பொதிகளிலிருந்து எடுத்த மாதிரிகளை வெள்ளைத் துணியோடு சேர்த்து, கிணற்றுத் தண்ணீரிலும் போத்தல் தண்ணீரிலும் தனித்தனியே கழுவிப் பார்த்தோம். இரண்டிலும் துணி சிவந்தது. முன்பு தாங்கள் அனுப்பிய லொட் இல. 389இன் மாதிரியை அதே முறையில் கழுவியபோது துணியில் கறை இல்லை. புதிய மாதிரியைச் சூடான சவர்க்காரத் தண்ணீரில் நான்கு தடவை அலசிய பின்னும் சாயம் இறங்குவது குறையவில்லை. ஆகவே கழுவிப் பாவிக்கும் நிலையிலும் இந்த நூல் இல்லை.
>
> கறை ஏறிய துணிகளும், முத்திரையிட்ட ஒரு மாதிரிக் கழியும், பொதிச் சீட்டுகளின் படங்களும் இத்துடன் உள்ளன. அதே போன்ற மாதிரி எம்மிடமும் முத்திரையிட்டு உள்ளது. தாங்கள் மில்லிடம் கோருவதற்கு மேலும் ஏதும் தேவையென்றால் அனுப்பி வைக்கிறோம்.
>
> இந்த லொட்டை எம்மால் ஏற்றுக்கொள்ள முடியாது. 106 கிலோ பொதி பிரிக்காமல் தங்கள் பொறுப்பில் தனியாக வைக்கப்பட்டுள்ளது. 8 கிலோ பாவு ஓட்டிய நிலையிலும் 6 கிலோ நெய்த நிலையிலும் (40 சாரம்) உள்ளன. தாங்களோ தங்கள் ஆளோ எந்த நாளும் வந்து பார்க்கலாம்.
>
> நாங்கள் கேட்பது:
>
> 1. 106 கிலோவுக்கு மாற்று நூல். எம்மிடம் ஆறு வேலை நாளுக்கான மெரூன் மட்டுமே உள்ளதால், 30 கிலோவை எதிர்வரும் வியாழக்கிழமை லொறியிலும், மீதி 76 கிலோவை ஒரே சாய லொட்டாக ...... திகதிக்கு முன்பும் அனுப்பி வைக்கவும். லொறிக் கூலி இரு பக்கமும் தங்களைச் சேரும்.
> 2. 14 கிலோவுக்கு 33,600 ரூபாய் வரவுச்சீட்டு.
> 3. 662,000 ரூபாய்ச் செக்கைத் திருப்பித் தந்து, வெள்ளை, கறுப்பு நூலுக்கு 374,000 ரூபாய்க்கு அதே திகதியிலும், மெரூனுக்கு 254,400 ரூபாய்க்கு மாற்று நூல் முழுவதும் கிடைத்து 45 நாளிலும் இரு செக்குகள் பெற்றுக்கொள்ளவும். முதல் செக் உரிய நாளில் மாறும்.
>
> 40 சாரத்தின் நெசவுக் கூலி, ஏனைய நூல் நட்டம் பற்றி மாற்று நூல் கிடைத்த பின் நேரில் கதைத்துக்கொள்ளலாம். அந்தக் கோரிக்கையை நாம் விட்டுவிடவில்லை.
>
> வழமையான ஓடர் தொடர்கிறது. அதே வியாழக்கிழமை லொறியில் வெள்ளை 100 கிலோ, கறுப்பு 60 கிலோ வழமையான தவணையில் அனுப்பி வைக்கவும். இனி வரும் நிற நூல்களுக்கு, லொறியில் ஏற்றுமுன் ஒவ்வொரு லொட்டிலும் ஒரு கழியைக் கூரியரில் அனுப்பினால், கிடைத்த இரண்டு நாளில் சரி, பிழை சொல்லிவிடுகிறோம்.
>
> ...... திகதிக்குள் 30 கிலோ கிடைக்காவிட்டால், எமது ஓடர் தவறாமலிருக்க அந்த அளவை மட்டும் வேறிடத்தில் வாங்க வேண்டி வரும். விலை வித்தியாசத்தை இந்தக் கணக்கில் கழிக்கக் கேட்போம்.
>
> தங்கள் பதிலை இரண்டு நாளில் எதிர்பார்க்கிறோம்.
>
> இப்படிக்கு,
> ..........

இந்தக் கடிதத்தில் சில வரிகளைக் காரணத்தோடுதான் போட்டிருக்கிறேன். வெள்ளையும் கறுப்பும் நல்லது என்று முதலிலேயே சொல்வது நியாயத்துக்காக மட்டும் இல்லை. பிறகு அவர் “இவர்கள் எல்லாவற்றுக்கும் குறை சொல்கிறவர்கள்” என்று யாரிடமும் சொல்ல முடியாது. “தங்கள் பொறுப்பில்” என்ற சொல்லும் வேண்டும். மறுத்த பொருளைத் திருப்பி அனுப்பும் கடமை வாங்கியவருக்கு இல்லை, மறுக்கிறோம் என்று தெரிவித்தாலே போதும் என்பதுதான் சட்டம். அதற்காக மழையில் நனையவும் விடக் கூடாது, கவனமாக வைத்திருக்க வேண்டும்.

மில் பற்றிய வரிதான் கடிதத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். புறக்கோட்டைக்காரர் நூல் நூற்பவரும் அல்லர், பெரும்பாலும் சாயம் போடுபவரும் அல்லர். அவரும் ஒருவரிடம் வாங்கித்தான் விற்கிறார். உங்களுக்கு மாற்றித் தந்தால் அந்த 120 கிலோவின் விலை அவர் தலையில் விழும், அதை மேலே தள்ள அவருக்கு ஆதாரம் வேண்டும். லொட் இலக்கம், பொதிச் சீட்டு, சோதனை செய்த விதம், கறைத் துணி எல்லாவற்றையும் அவர் அப்படியே மேலே அனுப்பக்கூடிய மாதிரி நீங்கள் கொடுத்தால், உங்கள் கடிதமே அவருடைய கோரிக்கைக் கடிதமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் உங்களோடு சண்டை பிடிக்க வேண்டியதில்லை. பொதிச் சீட்டுகளை எறிந்துவிட்டால் இந்த வழி அடைபடும், ஆகவே எந்த நூல் வந்தாலும் சீட்டுகளைக் கிழித்து ஒரு கோப்பில் போட்டு வைக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.

நெசவுக் கூலியை ஏன் பின்னால் தள்ளினேன் என்று நீங்கள் கேட்கலாம். நெய்த பெண்களுக்குக் கூலியை நீங்கள் கொடுத்தாயிற்று, அது உண்மையான நட்டம். ஆனால் அதையும் இதே மூச்சில் கேட்டால் எந்தக் கூலி, எவ்வளவு என்ற வாக்குவாதத்தில் மாற்று நூல் சிக்கிக்கொள்ளும். ஒரே வரியில் உரிமையைக் காப்பாற்றிக்கொண்டு, நூல் வந்த பின் பேசுவதுதான் தறி ஓட வழி. அந்த ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்று நூலோடு எல்லாம் தீர்ந்தது என்று அவர் எடுத்துக்கொள்வார்.

கடைசிக்கு முந்திய பந்தியில் இருப்பது எச்சரிக்கைதான். ஆனால் அளவோடு இருக்கிறது. “இனி உங்களிடம் வாங்க மாட்டோம்”, “வழக்குப் போடுவோம்” என்று எழுதினால் அவர் உங்கள் கடன் வரம்பைத்தான் முதலில் வெட்டுவார். “30 கிலோவை மட்டும் வேறிடத்தில் வாங்குவோம்” என்பது உங்களால் செய்யக்கூடியது, அவருக்கும் அது நம்பக்கூடியதாக இருக்கும். எழுதுமுன் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ கைக்காசுக்கு 30 கிலோ யாரிடம் கிடைக்கும், என்ன விலை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கெடு கடந்த பிறகு அதைச் செய்யாமல் இருந்தால் அடுத்த கடிதத்தை அவர் வாசிக்கவே மாட்டார்.

கடிதத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பி, மூலப் பிரதியை மாதிரிகளோடு பதிவுத் தபாலிலோ கூரியரிலோ அனுப்புங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு, மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கறைத் துணியை வட்ஸ்அப்பில் அனுப்ப முடியாதே. அவர் அதைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அவர் என்ன சொல்வார்

முழுவதும் மாற்றித் தருகிறேன் என்று உடனே சொன்னால் நல்லது, தொலைபேசியில் சொன்னதை அன்றே ஒரு வரியில் எழுதி அனுப்பி, அவரிடமிருந்து “சரி” என்ற பதிலை வாங்கிவிடுங்கள்.

பெரும்பாலும் கழிவுதான் வரும். “கிலோவுக்கு 500 குறைத்துத் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்” என்பார். 106 கிலோவுக்கு 53,000 ரூபாய், கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கும். வெள்ளைக் கட்டம் வரும் சாரத்துக்கு அந்த நூலை எந்த விலைக்கும் பாவிக்க முடியாது. கறுப்போடு கறுப்பாக, கரும் நிறங்களுக்குள் மட்டும் போகும் துணி நெய்கிறீர்கள் என்றால் ஒருவேளை பொருந்தும், ஆனால் வாங்கியவர் அதை வீட்டில் வெள்ளைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்தால் பழி உங்கள் பெயருக்குத்தான். கழிவை எடுப்பதாக இருந்தால், அந்த நூல் எந்தத் துணிக்குப் போகும் என்று முடிவு செய்த பிறகு எடுங்கள். எடுத்துவிட்டால் அந்த லொட்டைப் பற்றி இனி முறைப்பாடு செய்ய முடியாது.

இன்னொரு பதில், “முதலில் பழுது நூலை அனுப்புங்கள், பார்த்துவிட்டு மாற்று அனுப்புகிறேன்” என்பது. இதற்குச் சம்மதிக்க வேண்டாம். கையில் நூலும் இல்லாமல் சாட்சியும் இல்லாமல் ஆகிவிடும். மாற்று இறங்கும் லொறியிலேயே பழுதானதை ஏற்றிவிடுகிறோம் என்று சொல்லுங்கள். கொழும்பிலிருந்து சாமான் கொண்டு வரும் லொறி திரும்பிப் போகும்போது இடமிருக்கும், அவருக்கும் கூலி மிச்சம். ஏற்றும்போது பொதி எண்ணிக்கை, நிறை, லொட் இலக்கம் எழுதி லொறிக்காரரிடம் கையொப்பம் வாங்குங்கள். முத்திரையிட்ட மாதிரியை மட்டும் கணக்கு முழுதும் தீரும்வரை கொடுக்க வேண்டாம்.

மாற்று நூல் வந்ததும் நெய்ய எடுக்குமுன் அதே கழுவல் சோதனையைச் செய்யுங்கள். அன்றே நெய்யத் தொடங்க வேண்டும் போலத்தான் இருக்கும், ஆனாலும் துணி உலர்ந்து காயும்வரை பொறுங்கள். சரியாக இருந்தால் “லொட் இல. ...... 30 கிலோ கிடைத்தது, சோதித்தோம், சாயம் இறங்கவில்லை, 76 கிலோ மீதி” என்று எழுதி அனுப்புங்கள். 76 கிலோவும் வந்து, வரவுச்சீட்டும் கையில் கிடைத்த பிறகு நெசவுக் கூலியின் கணக்கை எடுத்துக்கொண்டு ஒரு தடவை நேரில் போய்க் கதையுங்கள். அந்தத் தொகையைக் காசாகக் கேட்பதை விட, அடுத்த இன்வொய்ஸில் கழித்துத் தரச் சொன்னால் அவர் இலகுவாகச் சம்மதிப்பார்.